தக்கலை வீட்டு மாடி அமெரிக்கக் கம்பெனியின் கிளை ஆகிவிடுமா?

நாகர்கோவிலில் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வீட்டு மாடியில் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறையில் உட்கார்ந்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு மூன்று வருடமாக ஃப்ரீலான்ஸராக மென்பொருள் எழுதுகிறார். சின்ன விடுதிகளுக்கான முன்பதிவு மென்பொருள் அது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அங்கேயே. இவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் வங்கி வழியாக வருகிறது.

இப்போது அந்தக் கம்பெனிக்கு இந்தியாவிலும் விற்க ஆசை. கோவளத்திலும் கன்னியாகுமரியிலும் விடுதிகள் வரிசையாக இருப்பதை இவர்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். உடனே மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, 'இந்தியப் பொறுப்பாளர்' என்ற பதவி. விடுதிகளிடம் பேசி ஆர்டர் பிடித்தால் கமிஷன் உண்டு, நாகர்கோவிலில் ஒரு அறையும் கம்பெனி செலவில் எடுத்துத் தரும். இரண்டாவது, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே ஆளைச் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்ளும் இந்திய நிறுவனம் ஒன்றின் மூலம் ஊழியராகச் சேர்வது. மூன்றாவது, இப்போது இருப்பது போலவே இருப்பது. கூடவே, அங்குள்ள கணக்கர் 'பி.இ. ரிஸ்க் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மின்னஞ்சலில் ஒரு வரி போட்டிருந்தார்.

"அண்ணே, நானே பி.இ. படிச்சவன்தான். இது என்ன பி.இ.?" என்றார். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பி.இ. உண்டு என்பதால் குழப்பம் நியாயமானதுதான்.

இந்த பி.இ. என்பது பெர்மனன்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட், தமிழில் நிரந்தர நிலையம். இந்தியாவும் அமெரிக்காவும் 1989இல் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் 5ஆம் பிரிவு அது. அமெரிக்கக் கம்பெனியின் வியாபார லாபத்துக்கு இந்தியா வரி போட வேண்டுமென்றால், அந்தக் கம்பெனிக்கு இங்கே ஒரு நிரந்தர நிலையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த லாபம் அமெரிக்காவின் பங்கு. கவனிக்க வேண்டியது, இது கம்பெனியின் வரி. தம்பியின் வரி அல்ல. அவர் இங்கே குடியிருப்பவர், அவருடைய 30 லட்சத்துக்கு எப்படியும் இந்தியாவில்தான் வரி.

"அப்போ எனக்கு என்ன கவலை?" என்று அவர் கேட்டதும் சரியான கேள்விதான். கவலை இரண்டு. முதலாவது, நிலையம் உண்டென்று ஆகிவிட்டால் கம்பெனி இங்கே பான் எடுத்து, கணக்கு வைத்து, வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தொல்லையைப் பார்த்ததும் பல கம்பெனிகள் செய்கிற முதல் காரியம், இங்கே வேலை செய்பவரோடு போட்ட வேலை ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வது. இரண்டாவது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 163ஆம் பிரிவு, வெளிநாட்டவருக்காக இங்கே வேலை செய்கிறவரையோ, அவரோடு வியாபாரத் தொடர்புள்ளவரையோ அவருடைய 'ஏஜென்ட்' என்று அதிகாரி நடத்தலாம் என்கிறது. ஏஜென்ட் ஆக்கப்படுகிறவரின் வாதத்தைக் கேட்ட பிறகுதான் அப்படிச் செய்ய முடியும். ஆனால் செய்துவிட்டால், கம்பெனியின் வரியை முதலில் கேட்கும் இடம் தக்கலை வீடாக இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, இந்தப் பிரதிநிதி ஏற்பாடு போகவில்லை.

சரி, வீட்டு மாடி எப்போது நிலையம் ஆகும்? 'நிரந்தர' என்ற சொல்லைப் பார்த்து வருடக் கணக்காக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கிரேட்டர் நொய்டாவில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயம் மூன்று நாள் விவகாரம். அந்த மைதானமே பந்தயத்தை நடத்திய வெளிநாட்டு நிறுவனத்தின் நிரந்தர நிலையம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்த இடம் அந்த நாட்களில் யாருடைய பிடியில் இருந்தது என்பதைத்தான் பார்த்தார்கள். அதே 2017இல் இ-ஃபண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வழக்கில் எதிர்த் திசையில் தீர்ப்பு. இந்தியாவில் இருந்த துணை நிறுவனம் அமெரிக்கக் கம்பெனிக்காகப் பின்னணி வேலைகளைச் செய்துகொடுத்தது. வேலை இங்கே நடந்தது உண்மை, ஆனால் அந்த அலுவலகம் அமெரிக்கக் கம்பெனியின் வசத்தில் இல்லை, ஆகவே நிலையம் இல்லை.

தம்பியின் மாடி அறை இந்த இரண்டாவது வகை. வீடு அவருடையது, கணினி அவருடையது, இன்வெர்ட்டர் அவருடையது. கம்பெனிக்காரர் யாரும் 'இன்றைக்கு உன் அறையில் நான் உட்காரப் போகிறேன்' என்று உரிமையோடு ஏறி வர முடியாது. நம் ஊர் ரப்பர் ஷீட் வியாபாரத்தில் பார்த்தால், தோட்டக்காரர் தன் புகைக்கூடத்தில் ஷீட்டை உலர்த்தி கோட்டயம் வியாபாரிக்கு விற்பதால் புகைக்கூடம் வியாபாரியின் கிடங்கு ஆகிவிடாது. வியாபாரி சாவி வாங்கிப் பூட்டுப் போட்டால் கதை வேறு.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூலையில் ஹயாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 'வசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துவிட்டது. துபாய்க் கம்பெனிக்கு டெல்லி ஹோட்டலில் தனி அறை கிடையாது. இருந்தும் அதன் ஆட்கள் தொடர்ந்து வந்து ஹோட்டலின் நடப்பையே கட்டுப்படுத்தியதால் நிலையம் உண்டென்று ஆனது. எனவே 'வாடகைப் பத்திரம் கம்பெனி பெயரில் இல்லை, ஆகவே பயமில்லை' என்பது போதுமான பதில் இல்லை.

இணையத்தில் இப்போது அதிகம் சுற்றுவது 50 சதவீதக் கணக்கு. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பு 2025 நவம்பரில் தன் மாதிரி ஒப்பந்தத்துக்கான விளக்கவுரையைத் திருத்தியது. ஒருவர் 12 மாதத்தில் தன் வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாக வீட்டிலிருந்து உழைத்தால், அந்த வீட்டைப் பொதுவாக நிலையமாக எடுப்பதில்லை. பாதியைத் தாண்டினால், அவர் அந்த நாட்டில் இருப்பதால் கம்பெனிக்கு வியாபார காரணம் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். தம்பி இதைப் படித்துவிட்டு, நூறு சதவீதமும் வீட்டில் இருக்கிறேனே என்று பயந்து போயிருந்தார். பயப்பட வேண்டியதில்லை. இந்தியா அந்த அமைப்பில் உறுப்பினர் அல்ல, அந்த உரை நம் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும், அவ்வளவுதான். அதன்படியே பார்த்தாலும், இன்றைக்கு அவர் தக்கலையில் இருப்பதால் கம்பெனிக்கு வியாபார லாபம் ஒன்றும் இல்லை. அவர் இங்கே இருப்பதற்குக் காரணம், அம்மாவும் வீடும் இங்கே இருப்பது. கோவளம் விடுதிக்காரரைப் பார்க்கப் போகத் தொடங்கிய அன்று அந்த வியாபார காரணம் பிறக்கும்.

முதல் யோசனையின் சிக்கல் அங்கேதான். நாகர்கோவில் அறை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. வாடகை கம்பெனியுடையது, பலகை கம்பெனியுடையது என்றால் 'வசம்' பற்றி வாதிடவே இடமில்லை. அதை வேண்டாம் என்று சொல்வது சுலபம். அறை இல்லாமலேயே மாட்டிவிடுவது கமிஷன்தான். ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் ஏஜென்ட் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது. கம்பெனியின் பெயரில் ஒப்பந்தம் முடிக்கும் அதிகாரத்தை ஒருவர் வழக்கமாகப் பயன்படுத்தினால், இடமே வேண்டாம், அந்த ஆளே நிலையம்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேனே, எல்லாம் அமெரிக்காவில்தானே போடுவாங்க" என்றார் தம்பி. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இந்திய-அமெரிக்க ஒப்பந்தம் கையெழுத்தோடு நிற்கவில்லை. முழுக்க அல்லது ஏறக்குறைய முழுக்க அந்தக் கம்பெனிக்காகவே வழக்கமாக ஆர்டர் பிடித்துத் தருகிறவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. குளச்சலில் ஏலம் கேட்டு ஒரே ஒரு கொச்சி வியாபாரிக்கு மட்டும் மீன் எடுத்துக்கொடுக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். பில் கொச்சியில் எழுதப்பட்டாலும், கடற்கரையில் எல்லோருக்கும் அவர் அந்த வியாபாரியின் ஆள்தான்.

'சுதந்திரமான ஏஜென்ட்' என்ற விலக்கு ஒன்று உண்டு. ஆனால் ஒருவர் ஏறக்குறைய முழுக்க ஒரே கம்பெனிக்காக உழைத்து, அவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலும் சந்தை விலையில் இல்லாவிட்டால் அந்த விலக்கு கிடைக்காது. தம்பிக்கு வாடிக்கையாளர் ஒரே ஒருவர். பாதி வேலி ஏற்கெனவே விழுந்துவிட்டது.

தொகை எவ்வளவு வரும் என்று அவர் கேட்டார். வாதத்துக்கு ஒரு கணக்குப் போட்டோம். இந்திய விடுதிகளிடமிருந்து கம்பெனிக்கு வருடம் 1 கோடி வருகிறது, அதில் லாபம் 20 லட்சம், அந்த லாபத்தில் இங்கே நடந்த வேலைக்குரியது என்று 35 சதவீதத்தை அதிகாரி எடுக்கிறார் என்று வைப்போம். 7 லட்சம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு வரி 35 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 36.4 சதவீதம். வரி 2,54,800 ரூபாய். ஏஜென்டுக்குச் சந்தை விலையில் ஊதியம் கொடுத்தாகிவிட்டது, இனி லாபத்தில் மேற்கொண்டு பங்கில்லை என்று 2007ஆம் வருட மார்கன் ஸ்டான்லி தீர்ப்பைக் காட்டிப் போராடவும் முடியும். ஆகவே வரி கம்பெனியைக் கவிழ்க்கிற தொகை இல்லை. அதைச் சுற்றி வரும் ஆடிட்டர், நோட்டீஸ், மேல்முறையீடு இவற்றின் செலவுதான் பெரிது. தம்பிக்குத் தனி நஷ்டமும் உண்டு. வரவில் ஒரு பங்கை மட்டும் வருமானமாகக் காட்டும் யூக முறையில் கமிஷன் வருமானத்துக்கு வரி கட்ட முடியாது, அந்தப் பகுதிக்கு முழுக் கணக்குப் புத்தகம் எழுதியாக வேண்டும்.

இரண்டாவது யோசனை பார்வைக்குப் பத்திரமாகத் தெரியும். இந்திய நிறுவனத்தில் சம்பளம், பி.எஃப்., மாதா மாதம் வரிப் பிடித்தம். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் சம்பளச் சீட்டுக்கு இருக்கிற மரியாதை தனி, அதை மறுக்கவில்லை. ஆனால் பி.இ. விஷயத்தில் இது நினைக்கிற அளவுக்குக் குடை பிடிக்காது. சம்பளம் யார் கணக்கிலிருந்து வந்தாலும், ஆர்டர் பிடிப்பது அமெரிக்கக் கம்பெனிக்காக என்றால் ஏஜென்ட் பகுதி அப்படியே பொருந்தும். அது தவிர, இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தில் சேவை நிலையம் என்று இன்னொரு வகை இருக்கிறது. ஊழியர்கள் அல்லது 'பிற பணியாளர்கள்' மூலம் இந்தியாவுக்குள் 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் சேவை கொடுத்தாலும் நிலையம் உருவாகும். இன்னொரு நிறுவனத்தின் பட்டியலில் இருந்துகொண்டு கம்பெனிக்கு வேலை செய்கிற ஊழியரும் 'பிற பணியாளர்' என்ற சொல்லுக்குள் எளிதாக வந்துவிடுவார். இன்றைக்கு இது தொடாது, ஏனென்றால் இ-ஃபண்ட்ஸ் தீர்ப்பின்படி இந்தியாவில் சேவை பெறும் வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது இந்தப் பகுதி எழவே இல்லை. கன்னியாகுமரி விடுதிக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, தினம் அதற்குப் பழுது பார்க்கத் தொடங்கினால் 90 நாள் மூன்றே மாதத்தில் ஓடிவிடும்.

பணக் கணக்கில் இரண்டாவது யோசனைக்கு விலை அதிகம். தகவல் தொழில்நுட்பம் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று நாம் சொல்லிவந்த முறை அது. 30 லட்சத்தில் 15 லட்சம் வருமானம், புதிய முறை அடுக்குகளின்படி செஸ்ஸும் சேர்த்து வரி 1,09,200 ரூபாய். அதே 30 லட்சம் சம்பளமாக வந்தால் 75,000 நிலையான கழிவு போக 29.25 லட்சத்துக்கு வரி, 4,75,800 ரூபாய். வித்தியாசம் மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஃப்ரீலான்ஸராக இருந்தால் 20 லட்சத்தைத் தாண்டியதற்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஏற்றுமதி என்பதால் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் பில் போடலாம். அது ஒரு தலைவலி, ஆனால் மூன்றரை லட்சத் தலைவலி இல்லை.

ஆகவே நான் சொன்னது மூன்றாவது யோசனையைத்தான், சில மாற்றங்களோடு. மென்பொருள் எழுதும் வேலை அப்படியே தொடரட்டும். இந்திய விற்பனை வேண்டுமானால், கம்பெனி இங்குள்ள ஒரு விற்பனை நிறுவனத்துக்கு உரிமத்தை விற்கட்டும். அது சொந்தப் பணத்தில் வாங்கி, சொந்த விலை போட்டு, வேறு கம்பெனிகளின் சரக்கையும் விற்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். விடுதிகளுக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுக்கும் வேலை தம்பிக்கு வந்தால் அந்த நிறுவனத்துக்கே பில் போடட்டும். அப்போது அது அமெரிக்கக் கம்பெனியின் சேவையாக இல்லாமல் இவருடைய சொந்தத் தொழிலாகிறது. இரண்டாவது வாடிக்கையாளர் கிடைத்தார் என்ற லாபமும் சேர்கிறது. கமிஷன் ஆசை போகிறதே என்று முகம் கொஞ்சம் வாடியது. கமிஷனுக்குப் பதில் மணிக் கூலியை உயர்த்திக் கேட்கச் சொன்னேன். விற்பனையோடு ஒட்டாத கூலி என்றால் அதில் ஆர்டர் வாசனை இருக்காது.

அப்புறம் அவருடைய ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். 'சுதந்திர ஒப்பந்ததாரர்' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தது. அதை வைத்து நிம்மதி அடைய முடியாது, நடப்பு என்ன என்றுதான் அதிகாரி பார்ப்பார். பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒப்பந்ததாரரின் செயலால் கம்பெனிக்கு எந்த நாட்டில் வரி வந்தாலும் ஒப்பந்ததாரரே ஈடுகட்ட வேண்டும் என்று. நான் பார்த்த சில பத்திரங்களில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏஜென்டாக நடத்தப்பட்டவர் கட்டிய வரியைக் கம்பெனியிடமிருந்து திரும்பப் பெறவும், கொடுக்க வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளவும் நம் சட்டம் உரிமை தருகிறது. இந்த ஒரு வரி அந்த உரிமையைத் தலைகீழாக்கிவிடும். எடுக்கச் சொல்லி எழுதினோம். முழுக்க எடுக்க மறுத்தால், அவருடைய சொந்த வருமான வரிக்கு மட்டும் அவர் பொறுப்பு என்று சுருக்கக் கேட்கலாம்.

கடைசியாக அவருடைய அனுப்பிய அஞ்சல்களைத் திறக்கச் சொன்னேன். திருவனந்தபுரத்து விடுதி ஒன்றுக்குப் போன மாதமே ஒன்று போயிருந்தது. 'அறைக்கு மாதம் இவ்வளவு, முதல் மூன்று மாதம் பாதி விலை, சம்மதமா?' கீழே பெயர், அதன் கீழே 'இந்தியப் பொறுப்பாளர்'. பதவி இன்னும் கொடுக்கப்படவே இல்லை, ஆசையில் தானே போட்டுக்கொண்டது. வழக்கு என்று வந்தால் பதினொரு பக்க ஒப்பந்தத்தைவிட இந்த ஒரு அஞ்சல் கனமாக இருக்கும். ஒரே ஒரு அஞ்சல் 'வழக்கமாக' ஆகிவிடாது என்பது உண்மை. பத்து அஞ்சல் ஆனால் ஆகும்.

அங்கேயே உட்கார்ந்து அந்த விடுதிக்கு இன்னொரு அஞ்சல் எழுதினார். விலையும் தள்ளுபடியும் சொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை, தொழில்நுட்பக் கேள்விகளுக்கு மட்டுமே தன்னால் பதில் தர முடியும், விலை பற்றி அமெரிக்க அலுவலகம் நேரடியாகப் பேசும் என்று. அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் பகுதியிலிருந்து அந்தப் பதவியை அழித்தார். லிங்க்டின் பக்கத்திலும் அதே பதவி இருந்தது. "அதுல போட்டு ரெண்டு வாரம்தாண்ணே ஆச்சு, சொந்தக்காரங்க எல்லாம் வாழ்த்துச் சொல்லிட்டாங்க" என்றார். அதையும் அழித்துவிட்டுத்தான் தக்கலை பஸ் ஏறினார்.